“இந்த வருஷம் பட்ஜெட் ஃப்ரீஸ்” என்று பதில் வந்தால்: எதை முதலில் எழுதுவது, எதை எழுதவே கூடாது

கம்பெனிகளுக்குப் பொருளோ சேவையோ விற்பவர்களுக்கான வழிகாட்டி இது. கொட்டேஷன் போய்விட்டது, டெமோ முடிந்துவிட்டது, வாங்குபவருக்கும் பிடித்திருக்கிறது. அப்போது ஒரு நாள் “இந்த வருஷம் பட்ஜெட் எல்லாம் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க, அடுத்த வருஷம் பார்க்கலாங்க” என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வரும். புதிதாக விற்பனைக்கு வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிலர் பதறிப்போய் விலையைக் குறைப்பார்கள். சிலர் “சரிங்க சார்” என்று போட்டுவிட்டு அந்தப் பெயரையே மறந்துவிடுவார்கள்.

நான் மின்சார அளவீட்டுக் கருவிகள் விற்பவன். அதனால் உதாரணத்துக்கும் என் வேலையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. 24 பேனல்களில் மீட்டர் பொருத்தி, எந்த இயந்திரம் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரே திரையில் பார்க்கும் வசதி. கொட்டேஷன் 6,40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மில் ஜிஎம்மிடமிருந்து மேலே சொன்ன வரி செப்டம்பர் 11-ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

## 1. பதில் எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் தெரியாமல் பதில் எழுத உட்காராதீர்கள்.

முதலாவது, அந்தக் கம்பெனியின் “வருஷம்” எது என்பது. இங்குள்ள பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் உள்ள பல கம்பெனிகள் உள் பட்ஜெட்டை ஜனவரி முதல் டிசம்பர் வரை போடுகின்றன. செப்டம்பரில் ஒருவர் “அடுத்த வருஷம்” என்றால் முதல் வகையில் ஏழு மாதம் இருக்கிறது. இரண்டாவது வகையில் அடுத்த வருஷத்துக்கான எண்களை அப்போதே கேட்டுக்கொண்டிருப்பார்கள். இது தெரியாமல் “ஏப்ரலில் பேசுகிறேன்” என்று எழுதினால் ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்குப் போன கதைதான்.

இரண்டாவது, உங்கள் கொட்டேஷன் அவர்கள் புத்தகத்தில் எந்தக் கணக்கில் விழும் என்பது. இயந்திரம் மாதிரி வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் மூலதனச் செலவு. அலுவலகங்களில் கேபெக்ஸ் என்பார்கள். பழுது, பராமரிப்பு, வாடகை, ஆலோசனைக் கட்டணம் எல்லாம் நடப்புச் செலவு. ஃப்ரீஸ் என்று வரும்போது முதலில் நிற்பது பெரும்பாலும் கேபெக்ஸ்தான். மில் ஓடியாக வேண்டும் என்பதால் நடப்புச் செலவை அவ்வளவு எளிதாக நிறுத்த முடியாது.

மூன்றாவது, உங்களோடு பேசுகிறவருக்குத் தானே கையெழுத்துப் போட எவ்வளவு வரை அதிகாரம் இருக்கிறது என்பது. சில கம்பெனிகளில் 50,000, சிலவற்றில் 2 லட்சம். முதல் சந்திப்பிலேயே “இந்த மாதிரி ஐட்டத்துக்கு அப்ரூவல் எங்க வரைக்கும் போகும் சார்?” என்று கேட்டிருந்தால் இப்போது உதவும். கேட்காமல் விட்டிருந்தால், ஃப்ரீஸ் செய்தி வந்த பிறகு கேட்பது கொஞ்சம் சங்கடம். ஆனாலும் கேட்கலாம்.

## 2. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நான்கு நிலைமைகள்

“பட்ஜெட் ஃப்ரீஸ்” என்ற சொல் எல்லார் வாயிலும் ஒன்றாகத்தான் வரும். அதற்குப் பின்னால் இருப்பது ஒன்றல்ல.

ஒன்று, உண்மையிலேயே எல்லாச் செலவும் நின்றிருக்கும். பஞ்சு விலை, நூல் விலை, ஏற்றுமதி ஆர்டர் இவற்றில் எங்கோ அடி விழுந்திருக்கும். முதலாளி ஒரு சுற்றறிக்கை விட்டிருப்பார்.

இரண்டு, புதிய கேபெக்ஸ் மட்டும் நின்றிருக்கும். மற்றது வழக்கம்போல ஓடும்.

மூன்று, பணம் இருக்கிறது, ஆனால் உங்கள் ஐட்டம் வரிசையில் கீழே போய்விட்டது. ஒரு பெரிய இயந்திரம் பழுதாகி அதற்குப் பணம் போயிருக்கும். ஜிஎம்முக்கு அதை விளக்குவதைவிட “ஃப்ரீஸ்” என்று சொல்வது சுலபம்.

நான்கு, வேண்டாம் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார். நம் ஊரில் முகத்துக்கு நேரே “உங்க பொருள் எனக்குச் சரிப்படலைங்க” என்று சொல்கிறவர்கள் குறைவு. பட்ஜெட் மேல் பழியைப் போட்டால் யார் மனமும் நோகாது.

இந்த நான்குக்கும் நான்கு வேறு பதில்கள். முதல் நிலைமையில் இருப்பவருக்கு வாடகைத் திட்டம் அனுப்பினால் எரிச்சல்படுவார். நான்காமவருக்கு அடுத்த பட்ஜெட்டுக்கான குறிப்பு தயாரித்துக் கொடுத்தால் உங்கள் இரண்டு நாள் வீண். அதனால் முதல் பதிலுக்கு ஒரே வேலைதான்: இது எந்த நிலைமை என்று தெரிந்துகொள்வது. விற்பது அந்தப் பதிலின் வேலை இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் சறுக்கியது இங்கேதான், முதல் பதிலிலேயே விற்க முயன்றார்கள்.

## 3. முதல் பதில்: அன்றைக்கே, ஐந்து வரிக்குள்

அன்றைக்கே பதில் போட வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு மனதில் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். உங்களை இரண்டு முறை வரவழைத்திருக்கிறார், பேனல் அறையெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார். அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். நான்கு நாள் கழித்துக் கேட்டால் அந்த உறுத்தல் போயிருக்கும், பதிலும் வராது.

எங்களிடம் வேலை பார்க்கும் பையன் முதலில் எழுதி வைத்திருந்த வரைவு இது:

“சார், எங்கள் சிஸ்டம் போட்டால் ஆறே மாதத்தில் பணம் திரும்பிவிடும். இந்த மாதம் ஆர்டர் கொடுத்தால் 15% சலுகை தருகிறோம். தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்.”

மூன்று வாக்கியத்திலும் மூன்று தவறு. அவர் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை, ஃப்ரீஸ் என்பவரிடம் லாபக் கணக்கு பேசுகிறான். அவர் கேட்காமலே விலையை விட்டுக்கொடுக்கிறான். அவர் கையில் இல்லாத முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

விலை குறைப்பது எவ்வளவு கெடுதல் என்று சொந்த அனுபவத்தில் படித்தவன் நான். பல வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் இதே மாதிரி ஃப்ரீஸ் என்றதும் 18% குறைத்து மெயில் போட்டேன். ஆர்டர் வரவில்லை, வரவும் முடியாது, பணமே நின்றிருந்தது. அடுத்த ஏப்ரலில் பர்ச்சேஸிலிருந்து கூப்பிட்டு, அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “இதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்” என்றார்கள். பணம் இல்லாத நேரத்தில் கொடுத்த சலுகை, பணம் வந்த நேரத்தில் என் ஆரம்ப விலையாக மாறியிருந்தது.

நாங்கள் அனுப்பிய பதில் இது:

“வணக்கம் சார். தகவல் சொன்னதுக்கு நன்றி. இந்த வருஷம் இதைத் தள்ளி வைக்கிறது புரியுது, அதைப் பத்தி நான் வற்புறுத்தலை. ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா எங்க பக்கம் சரியா குறிச்சு வெச்சுக்குவேன்: புதுசா மெஷின், கருவி வாங்கறது மட்டும் நின்னிருக்கா, இல்ல மெயின்டனன்ஸ் செலவும் சேர்த்து நின்னிருக்கா? இந்தப் பொருளே இப்போ தேவைப்படலைன்னாலும் தயங்காம சொல்லுங்க சார், தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. “வற்புறுத்தலை” என்றதும் அவர் தற்காப்பை விடுவார். கேள்வி ஒன்றுதான், இரண்டு சொல்லில் பதில் போடலாம். கைபேசியில் நடந்துகொண்டே அடிக்கிற மனிதருக்கு அதுதான் முடியும். கடைசி வரி மிக முக்கியம். நான்காம் நிலைமையில் இருப்பவருக்கு “வேண்டாம்” என்று சொல்ல நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். அந்த வரியைப் போடப் புதியவர்கள் பயப்படுவார்கள். போட்டால் இழப்பது, ஏற்கெனவே இழந்துவிட்ட ஆர்டரைத்தான்.

போனில் சொன்னாலும் இதே வரிசைதான். போனை வைத்ததும் அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பேருக்குமே அது தேவைப்படும்.

## 4. பதிலைப் படிப்பது

ஜிஎம் அன்று மாலையே பதில் போட்டார்: “புது ஐட்டம் மட்டும் மார்ச் வரை ஸ்டாப். ஸ்பேர்ஸ், சர்வீஸ் எல்லாம் ஓடுது. அடுத்த வருஷத்துக்கு லிஸ்ட் டிசம்பர்ல கேட்பாங்க.”

இது தெளிவாக இரண்டாம் நிலைமை. கூடவே கேட்காத ஒரு தகவலும் வந்தது, பட்டியல் டிசம்பரில் போகிறது. நல்ல கேள்வி ஒன்று கேட்டால் இப்படி இரண்டு பதில் வரும்.

எல்லாம் நின்றிருக்கிறது என்று பதில் வந்தால், ஐந்தாம் பகுதியைத் தாண்டி நேரே ஏழாம் பகுதிக்குப் போங்கள். அவரிடம் இந்த வருஷம் எதுவும் விற்க முயல வேண்டாம். “பார்க்கலாம் சார்”, “கொஞ்சம் பிஸி” என்று வழுக்கலான பதில் வந்தால் மூன்றாம் நிலைமையோ நான்காம் நிலைமையோதான். அவற்றைப் பிரிக்க ஒரு வழி: “அடுத்த வருஷ லிஸ்ட்ல இதைச் சேர்க்க உங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தரட்டுமா சார்? எந்த மாசம் வேணும்?” என்று கேளுங்கள். விருப்பம் உள்ளவர் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்வார். விருப்பம் இல்லாதவர் “அனுப்பி வைங்க” என்று மட்டும் சொல்வார்.

## 5. நடப்புச் செலவில் பொருந்துமா என்று பார்ப்பது

நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய படி இது. நன்றாகச் செய்தால் ஃப்ரீஸ் நடுவிலேயே வேலை தொடங்கும். அரைகுறையாகச் செய்தால் ஜிஎம்மை ஃபைனான்ஸ் முன்னால் தலைகுனிய வைத்துவிடுவீர்கள்.

இரண்டு நாள் கழித்து, 13-ஆம் தேதி, நாங்கள் எழுதியது முழுத் திட்டத்தைப் பற்றி அல்ல. 24 மீட்டரில் 6 மட்டும்: மில்லுக்குள் மின்சாரம் வந்து சேரும் மெயின் இன்கமர், மூன்று கம்ப்ரசர், இரண்டு ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். கருவி எங்களுடையதாகவே இருக்கும். மாதம் 8,000 ரூபாய் வாடகை, 12 மாதம், ஆக 96,000. மாதாமாதம் ஒரு அறிக்கை தருவோம். முடிந்ததும் வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துக்கொள்வோம்.

ஆறைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆறும் தனியாகவே ஒரு முழு வேலை. மீதி 18 வராவிட்டாலும் அந்த அறிக்கைக்கு மதிப்பு இருக்கும். அப்படி இல்லாமல், ஒரு பெரிய ஆர்டரை ஆறு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஜிஎம்மின் வரம்புக்குள் அடக்குவது வேறு விஷயம். அது தணிக்கையில் பிடிபடலாம், பிடிபட்டால் அவருக்கு மெமோ வரும். அரசு நிறுவனங்களில் மேலிட அனுமதியைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைப் பிரிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. துண்டு தனியாக நிற்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் அனுப்பாதீர்கள்.

அந்த மெயிலிலேயே ஜிஎம்மிடம் மூன்று கேள்விகள் வைத்தோம், ஃபைனான்ஸைக் கேட்டுச் சொல்லும்படி.

வரம்பைப் பார்ப்பது மாத வாடகையை வைத்தா, 12 மாத மொத்தத்தை வைத்தா? பெரும்பாலும் மொத்தம்தான். “மாதம் எட்டாயிரம்தானே” என்று எழுதி, பிறகு மொத்தம் வரம்பைத் தாண்டினால் கொள்முதல் ஆணையான பிஓ திரும்பி வரும்.

வரம்பு ஜிஎஸ்டியோடு சேர்த்தா, சேர்க்காமலா? 96,000-க்கு 18% சேர்த்தால் 1,13,280 ஆகிறது. அவருடைய வரம்பு 1 லட்சம். அந்த மில்லில் வரியைச் சேர்க்காமல் பார்ப்பது வழக்கம் என்பதால் தப்பித்தோம். சேர்த்துப் பார்க்கும் இடமாக இருந்தால் ஐந்து மீட்டராகக் குறைத்திருக்க வேண்டும்.

இந்த வாடகையை அவர்கள் கணக்கில் வாடகையாகவே காட்ட முடியுமா? இந்தக் கேள்வி பலருக்குத் தெரிவதே இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகளுக்குப் பொருந்தும் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் விதிப்படி, நீண்டகால வாடகை ஒப்பந்தத்தைச் சொத்தாகவும் கடனாகவும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அப்படி ஏறினால் ஃப்ரீஸைத் தாண்டி வந்த பயனே போய்விடும். 12 மாதமோ அதற்குக் குறைவோ உள்ள ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் “முடிவில் நீங்களே வாங்கிக்கொள்ளலாம்” என்ற உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அது குறுகிய கால வாடகையாகக் கருதப்படாது.

நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். “12 மாதம் கழித்து வாங்கினால் கட்டிய வாடகையில் பாதியைக் கழித்துக்கொள்கிறோம்” என்று ஆசை காட்டி ஒரு வரி எழுதியிருந்தோம். ஃபைனான்ஸ் மேனேஜர் அந்த வரியின் மேல் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். எடுத்துவிட்டோம், ரகசியமாக வாயால் சொல்லவும் இல்லை. வாங்கினால் அன்றைய விலை, அவ்வளவுதான். அந்த மில் இந்த விதிக்குள் வருகிறதா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்களுடைய ஆடிட்டர், நாம் இல்லை. நாம் செய்ய வேண்டியது தேவையில்லாத வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் இருப்பது.

வாடகை விடுமுன் உங்கள் பக்கக் கணக்கையும் பாருங்கள். கருவிக்கு நீங்கள் இன்றே பணம் போடுகிறீர்கள், அது ஒரு வருஷம் சொட்டுச் சொட்டாகத் திரும்புகிறது. கழற்றி வந்த கருவியை இன்னொரு இடத்தில் மாட்ட முடியாது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## 6. “இப்போ சப்ளை, ஏப்ரலில் பில்” வேண்டாம்

சில நேரம் கஸ்டமரே இதைக் கேட்பார்: “ஜனவரியில சரக்கை இறக்கிடுங்க, பில்லை ஏப்ரல் தேதியில போட்டுக்கலாம்.” புதியவர்கள் ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில் தலையாட்டுவார்கள்.

ஜிஎஸ்டி சட்டப்படி, விற்ற சரக்கு உங்கள் இடத்தை விட்டுக் கிளம்பும் போதோ அதற்கு முன்போ பில் போட வேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையில் அனுப்பும் சரக்குக்கு மட்டும், விற்பனை உறுதியாகும் வரை, அதிகபட்சம் ஆறு மாதம் அவகாசம் உண்டு. விலை பேசி முடித்து, பில்லை மட்டும் தள்ளிப் போடுவதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. அவர்கள் பக்கமும் சிக்கல் உண்டு. மார்ச் மாதச் சரக்கிருப்பு எடுக்கும்போது பில் இல்லாத கருவிகள் பேனலில் தொங்கிக்கொண்டிருந்தால் ஆடிட்டர் கேட்பார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அது உங்க ஆடிட்டுக்கும் எங்க ஜிஎஸ்டிக்கும் சிக்கலாகும் சார். ஏப்ரல் முதல் வாரம் பிஓ வந்தா, ரெண்டாவது வாரம் மீட்டர் மாட்டற மாதிரி ஆளையும் சரக்கையும் ஒதுக்கி வைக்கிறேன்.” அவர் விரும்புவது பெரும்பாலும் வேகத்தைத்தான், அதை நேர்வழியிலும் தரலாம். ஆனால் வாங்கும் எண்ணம் உண்டு என்று அவர்கள் கொடுக்கும் கடிதத்தை மட்டும் நம்பிச் சரக்கு வாங்கிப் போடாதீர்கள். அந்தக் கடிதம் பிஓ ஆகாது.

## 7. அடுத்த பட்ஜெட்டில் இடம் பிடிக்கும் ஒரு பக்கம்

ஏப்ரல்–மார்ச் கம்பெனிகளில் துறைகளின் பட்டியல் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் மேலே வெட்டுவார்கள், சேர்க்க மாட்டார்கள். அதனால் ஜிஎம் டிசம்பர் என்றால் உங்கள் குறிப்பு நவம்பர் கடைசியில் அவர் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கம்பெனியின் விளம்பரக் கையேட்டை அனுப்பாதீர்கள். உங்கள் பெயரே இல்லாமல், அவர் தன் பெயரில் நகலெடுத்து ஒட்டக்கூடிய மாதிரி ஒரு பக்கம் எழுதுங்கள். இப்போது என்ன செலவு ஆகிறது, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற வரிசையில். முதல் பாதியில் இருக்கும் எண் அவர்களுடைய மில்லில் எடுத்ததாக இருந்தால் அதை யாரும் சுலபமாக வெட்ட மாட்டார்கள்.

எங்களுக்கு அந்த எண் ஆறு மீட்டரிலிருந்தே கிடைத்தது. அக்டோபர் முதல் தேதி மாட்டினோம். நவம்பர் நடுவில் ஒரு 75 கிலோவாட் கம்ப்ரசர் ராத்திரியில் தினமும் ஐந்து மணி நேரம் போல லோடு இல்லாமல் ஓடுவது தெரிந்தது. ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்றே கொடுக்காமல் சும்மா ஓடினாலும் முழு மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இழுக்கும். இதில் 22 கிலோவாட் காட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு 110 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று மில் வைத்திருந்த கணக்கில் நாளுக்கு 880, மாதம் 26,400 ரூபாய். ஜிஎம் இதை பிரிண்ட் எடுத்துத் தன் பட்டியலுக்கு மேலே பின் அடித்துக் கொடுத்தார்.

தொகை எழுதும் இடத்தில் வருகிற தவறுகள் பெரியவை. கருவி விலையை மட்டும் எழுதிவிட்டு, கேபிள் இழுக்கும் கூலி, பேனலில் துளை போடும் வேலை, சரக்குக் கூலி, இரண்டாம் வருஷப் பராமரிப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். ஏப்ரலில் 5 லட்சம் ஒதுக்கி வரும், உண்மையான செலவு 5,80,000 இருக்கும், மறுபடி அனுமதி கேட்க அந்த மனிதர் ஓட வேண்டும். ஒரு முறை அப்படி ஓடவிட்டால் அடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்.

ஜிஎஸ்டியும் இங்கே கவனிக்க வேண்டியது. நூற்பாலை கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும், அதனால் பட்ஜெட்டுக்கு வரியில்லாத தொகை போதும். மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு 6,40,000 என்பது 7,55,200. எந்தத் தொகை என்று தெளிவாக எழுதுங்கள்.

விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் போடுங்கள். நவம்பரில் கொடுத்த விலை மே மாதம் வரை நிற்க வேண்டும். அது முடியாது என்றால் ஏற்றத்தை இப்போதே சேர்த்து எழுதிவிடுவது நேர்மை.

வருமான வரியில் இன்னொரு சின்ன விஷயம் ஃபைனான்ஸுக்குப் பிடிக்கும். ஒரு சொத்தை வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் தேய்மானத்தில் பாதிதான் கிடைக்கும். ஆகவே அக்டோபர் தொடக்கத்துக்கு முன் ஓட ஆரம்பிக்கும்படி திட்டமிட்டால் முழுத் தேய்மானம். அடுத்த வருஷப் பட்டியலில் உங்கள் ஐட்டத்தை வருஷத்தின் முதல் பாதியில் வாங்குவதாகப் போட இது நியாயமான காரணம். ஃப்ரீஸ் என்று சொல்லும் இந்த வருஷத்தின் பிற்பாதியில் வாங்கச் சொல்லி அவசரப்படுத்த இது பயன்படாது, எதிராகத்தான் வேலை செய்யும்.

## 8. நடுவில் உள்ள மாதங்கள்

“சும்மா ஃபாலோ-அப்புக்காக” என்று தொடங்கும் செய்தியை அனுப்பவே வேண்டாம். அதில் அவருக்கு ஒன்றுமில்லை. போன் செய்ய ஒரு காரணம் கிடைக்கும்போது மட்டும் செய்யுங்கள். நாங்கள் வைத்துக்கொண்ட தேதிகள்: நவம்பர் கடைசியில் ஒரு பக்கக் குறிப்பு, ஜனவரியில் “லிஸ்ட்ல போயிடுச்சுங்களா சார், எவ்வளவு தொகை போட்டீங்க?” என்று ஒரு போன், ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒரு நேர்ச் சந்திப்பு. மார்ச் பிற்பாதியில் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, அப்போது எல்லாரும் கணக்கு முடிப்பதில் இருப்பார்கள்.

ஜனவரி போனை மட்டும் தவறவிடாதீர்கள். பட்டியலில் உங்கள் ஐட்டம் விடுபட்டிருந்தால் சேர்க்க அதுதான் கடைசி வாய்ப்பு.

இதற்கிடையில் மில்லில் இன்னொருவரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எலக்ட்ரிக்கல் மேனேஜர் போல. ஏழு மாதத்தில் ஜிஎம் வேறு மில்லுக்குப் போய்விட்டால், “இந்த வருஷம் பார்க்கலாம்” என்று சொன்ன வாக்கும் அவரோடு போய்விடும்.

உங்கள் பதிவேட்டில் இதை “போச்சு” என்று மூடாதீர்கள், இந்தக் காலாண்டு வரவு என்றும் காட்டாதீர்கள். அடுத்த மே மாதத்துக்கு நகர்த்தி, இந்த வருஷக் கணக்கில் பூஜ்யம் போடுங்கள். ஃப்ரீஸான ஆர்டரை மாதாமாதம் “அடுத்த மாதம் வரும்” என்று மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த அழுத்தத்தில் நீங்களே கஸ்டமரை நெருக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்த மில் ஏப்ரலில் மீதி 18-க்கும் பணம் கொடுக்கவில்லை. மேலே வெட்டி 10-க்குத்தான் ஒதுக்கினார்கள், பழைய விலையிலேயே. வாடகை ஆறும் அப்படியே ஓடியது.

## 9. பதிலே வராவிட்டால்

முதல் பதிலுக்கு மௌனம் என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு முறை போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் இன்னொரு செய்தி, அதுதான் கடைசி:

“வணக்கம் சார். இப்போதைக்கு இதை மூடி வெச்சுடறேன், இனி இதுக்காகத் தொந்தரவு பண்ண மாட்டேன். அடுத்த வருஷ லிஸ்ட் போடறப்போ தேவைப்பட்டா ஒரு ‘ஓகே’ மட்டும் அனுப்புங்க, ஒரு பக்கக் குறிப்பு ரெண்டு நாள்ல தந்துடறேன்.”

அனுப்பியதும் சொன்னபடியே நிறுத்துங்கள். பட்டியல் போகும் மாதத்தில் ஒரே ஒரு முறை, அவருடைய துறைக்கு உண்மையிலேயே பயன்படும் ஏதாவது கையில் இருந்தால் மட்டும், மறுபடி எழுதலாம். அதற்கும் பதில் வரவில்லை என்றால் அது நான்காம் நிலைமை. அந்தப் பெயரை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வேறு மில்லுக்குக் கொடுங்கள்.